பட்டன் குதிரை

தினமும் காலை ஆறே முக்காலுக்கு வீட்டைவிட்டு இறங்கி, இரவு ஏழரைக்குத் திரும்பிவந்த எட்டு வருஷத்தைப் பற்றி எழுதச் சொன்னால் என்னத்தை எழுதுவது? வீடு கடலூரில், வேலை சிதம்பரத்தில். போகவர மூன்று மணி நேரம் வண்டியிலேயே போயிற்று. அந்த எட்டு வருஷத்தில் நான் பார்த்ததெல்லாம் முன் சீட்டுக்காரியின் பின்தலையும் என் மடியில் இருந்த செஸ் பெட்டியும்தான்.

2004-இல் மகள் பிறந்து ஆறு மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்பினேன். அப்போது சின்ன லைனில், அதாவது மீட்டர் கேஜில், பாசஞ்சர் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் பெட்டியில்தான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. எங்கள் இலாகாவிலேயே, சிதம்பரம் கிளையிலேயே, பக்கத்து செக்‌ஷனில் வேலை. என்னைவிட ஏழு வயசு மூத்தவள். அவளும் கடலூரிலிருந்துதான் வந்துபோனாள். முதல் நாளே, "இன்னாடி, கொழந்தைய உட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டு என்னை அழவைத்தாள். மறுநாள் இட்லி கொண்டுவந்து சமாதானம் செய்தாள். இப்படித்தான் அவள் குணம், அடியும் அவளே கொடுப்பாள், ஒத்தடமும் அவளே கொடுப்பாள்.

நான் கல்லூரியில் செஸ் ஆடியவள். கோப்பை எல்லாம் கிடையாது, நாலு ஊருக்குப் போய் ஆடிவிட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். அக்காவுக்கு ஹாஸ்டலில் யாரோ காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரயிலில் தூங்கினால் கழுத்து வலிக்கிறது, பேசினால் மாமியார் கதைதான் வருகிறது என்று ஒரு காந்தப் பெட்டி வாங்கினேன். மடித்தால் டிபன் டப்பா அளவு. காய்கள் ஒட்டிக்கொள்ளும். ஆலப்பாக்கம் தாண்டும்போது ஆரம்பித்தால் பரங்கிப்பேட்டைக்குள் முடித்துவிடுவோம்.

காலையில் மட்டும்தான் ஆடுவோம். சாயங்காலம் இரண்டு பேருக்கும் காயைத் தூக்கக்கூடக் கையில் தெம்பு இருக்காது. பெட்டி என்னுடையது என்பதால் வெள்ளை எனக்கு. அக்கா எப்போதும் கறுப்பு. முதல் நாள் அப்படி உட்கார்ந்தோம், அப்படியே நிலைத்துவிட்டது. மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. ஜன்னல் சீட் அவளுக்கு என்பதுபோலத்தான் இதுவும்.

இரண்டாம் மாதமே ஒரு கறுப்புக் குதிரை காணாமல் போயிற்று. புதுச்சத்திரத்தில் வண்டி குலுங்கி நின்றபோது கீழே உருண்டு போனது. மீன் கூடைக்காரிகளின் காலுக்கு நடுவே குனிந்து தேடியும் அகப்படவில்லை. என் வீட்டுக்காரர் பேன்ட்டிலிருந்து தெறித்த கறுப்பு பட்டன் ஒன்று பர்ஸில் கிடந்தது. அதை எடுத்து வைத்தேன். ராஜா பக்கத்துக் குதிரை இனி இந்த பட்டன்தான் என்று ஒப்பந்தம்.

செஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் எதற்காக இத்தனை வருஷம் வயிறெரிந்தேன் என்பது புரியாது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ராஜாவை ஓரத்துக்கு நகர்த்தி, பக்கத்தில் யானையை நிறுத்தி, முன்னால் மூன்று சிப்பாய்களை வைத்து ஒரு சின்ன வீடு கட்டுவார்கள். இதற்குக் கேஸ்லிங் என்று பேர். அந்த வீட்டுக்குக் காவல் எஃப்6 கட்டத்தில் நிற்கும் குதிரை. வீட்டின் பலவீனமான மூலை எச்7. அங்கே நிற்கிற சிப்பாய்க்கு ராஜாவையும் அந்தக் குதிரையையும் விட்டால் வேறு துணை கிடையாது. எதிரி ராணியை முன்னால் வைத்து, அதே கோட்டில் பின்னால் பிஷப்பை வைத்து, இரண்டு பேரையும் எச்7-ஐப் பார்த்து நிறுத்தினாலும், குதிரை இருக்கிறவரை ராணியால் உள்ளே வர முடியாது, வந்தால் குதிரை வெட்டிவிடும். ஆனால் இன்னொரு பிஷப்பைக் கொடுத்து அந்தக் குதிரையை வாங்கிவிட்டால் கதை முடிந்தது. பிஷப்புக்குக் குதிரை, கணக்கில் சரிக்குச் சரிதான். ஒருவரும் நஷ்டப்பட்டதாகத் தெரியாது. அடுத்த நகர்த்தலில் ராணி எச்7-இல் வந்து உட்கார்ந்தால் ராஜாவுக்குப் போக இடமில்லை, அதுதான் மேட்.

இதை நான் புத்தகத்தில் படித்துப் பழகவில்லை. பட்டன்தான் பழக்கியது. காந்தம் இல்லாத பட்டன் வண்டி குலுங்கும்போதெல்லாம் நழுவிவிடும். கீழே விழும், மடியில் விழும், ஒருமுறை எதிர் சீட்டு அம்மாவின் பூக்கூடைக்குள் விழுந்தது. எங்கே விழுந்தாலும் அக்கா எடுத்து எஃப்6-இல்தான் வைப்பாள்.

"டி7-ல இருந்துச்சுக்கா."

"இல்லடி, இங்கதான் இருந்துச்சு. என் காய் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். உங்களுக்கு எல்லாம் தெரியும்."

இந்தச் சண்டை தாங்காமல்தான் சந்தர்ப்பம் கிடைத்தவுடன் பிஷப்பைக் கொடுத்து பட்டனை வெட்டிவிடத் தொடங்கினேன். தொல்லை ஒழிந்தது என்று. வெட்டும்போது, "பட்டன் போச்சு!" என்று சத்தமாகச் சொல்வேன். இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துபோயிற்று, பட்டன் போனால் அக்காவின் ராஜாவும் போய்விடுகிறார் என்று. அதற்குப் பிறகு அதுவே என் ஆட்டமாகிவிட்டது. வாரத்தில் நாலு நாள் ஜெயிப்பேன். அக்கா பெட்டியை மூடிவிட்டு, "இந்தப் பொழப்புக்கு நான் தூங்கியே வந்திருப்பேன்" என்பாள். மறுநாள் அவளே, "எடுடி பெட்டிய" என்பாள்.

அப்புறம் பெரிய லைன் போடப்போகிறோம் என்று ரயிலை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸுக்கு மாறினோம். கடலூரில் கிளம்புகிற வண்டியில் ஏறுவதால் இடம் மட்டும் கிடைக்கும். மற்றபடி அந்த ரோட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. பஸ்ஸில் பட்டன் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை விழுந்தது. அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதுகாத்துக்கொள்ளப் பழகினாள். என் ராணி டி3-க்கு வந்தால் போதும், ராஜாவுக்கு முன்னாலிருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஜி6-இல் வைத்து வழியை அடைத்துவிடுவாள். அல்லது இன்னொரு குதிரையை டி7-இலேயே காத்திருக்க வைப்பாள். பட்டனை நான் வெட்டினால் அது வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

"பயந்தாங்கொள்ளி ஆட்டம்கா இது. கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்கீங்க."

"ஆமாண்டி, பயம்தான். நீ வந்து திருடிட்டுப் போறவ. நான் கதவச் சாத்தாம?"

நான் சிரித்தேன். அந்த ஜி6-ஐப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். ஒரு கட்டம் நகர்த்தி ஒரு முறையை வீணாக்குகிறாளே, இதெல்லாம் ஓர் ஆட்டமா என்று நினைத்துக்கொள்வேன்.

மகளுக்கு மூன்றரை வயதில் வீசிங் வந்தது. கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காற்று சிப்காட் தொழிற்சாலைகள் பக்கமிருந்து அடித்தால் பெரியவர்களுக்கே தொண்டை கமறும். டாக்டர் மருந்து, ஆவி, வாயில் அடிக்கிற பம்ப் என்று எல்லாம் கொடுத்தார். "இழுக்குறப்ப பக்கத்துல யாராவது இருக்கணும்மா, கொழந்தை பயந்துட்டா இன்னும் ஜாஸ்தியாயிடும்" என்றார். பக்கத்தில் யார் இருப்பது? வீட்டுக்காரர் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. உள்ளே போனால் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாமியார் மங்கலம்பேட்டையில் மூத்த மகனோடு. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். அவர்கள் போன் செய்தால் நான் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் குழந்தை இழுத்து, அழுது, தானாகவே அடங்கித் தூங்கியிருக்கும். தூங்குகிற குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெற்றவள் வந்து சேர்ந்த லட்சணம் அது.

டிரான்ஸ்ஃபர் கேட்டு நாலு மனு போட்டேன். சீனியாரிட்டி வரட்டும் என்றார்கள். என் முறை வர இன்னும் மூன்று நாலு வருஷம் ஆகும் என்று கணக்குப் பார்த்த குமாஸ்தா சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அப்போதுதான் 2009-இல் அந்த சுற்றறிக்கை வந்தது. இலாகா விளையாட்டுப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து செஸ் ஆட ஒரு பெண் தேவை. ஒரே ஓர் இடம். அதில் எழுதாத ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியும். டீமில் இருப்பவர்களைப் பயிற்சிக்கு வசதியாக கடலூர் தலைமை அலுவலகத்திலேயே போட்டுக்கொள்வது வழக்கம். வாலிபால் ஆடியவர்கள், கேரம் ஆடியவர்கள் எல்லாரும் அப்படித்தான் கடலூர் வந்தவர்கள். வந்தவர்கள் திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

பஸ்ஸில் பெட்டியைத் திறக்காமலே சொன்னேன். "அக்கா, நான் பேர் குடுக்கப்போறேன்."

"நானும் குடுத்துட்டேன்டி."

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அதற்கு முந்தைய வருஷம்தான் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு வருவதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "உனக்குக் கொழந்தை இருக்குது, தெரியும். எனக்கும் ஒடம்பு ஒண்ணுதான்டி இருக்குது. எனக்கும் வேணும்."

"ஆடுவோம்கா" என்றேன். மனசுக்குள், ஜெயிக்கப்போவது நான்தானே, பிறகு எதற்கு வாக்குவாதம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று நினைத்தது அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்தில் தலைமை அலுவலகத்து மீட்டிங் ஹாலில் போட்டி. ஐந்து பெண்கள் வந்திருந்தோம். அக்காவும் நானும் மற்ற மூன்று பேரையும் ஜெயித்துவிட்டோம். கடைசிச் சுற்றில் நாங்கள் இருவரும். முந்தின ராத்திரி முழுக்க மகளுக்கு இழுப்பு. நான் கண் மூடவே இல்லை. காப்பியைக் குடித்துக் குடித்து வாய் கசந்து கிடந்தது.

நிறத்துக்குச் சீட்டு எடுக்கச் சொன்னார் கண்காணிப்பாளர். எனக்குக் கறுப்பு விழுந்தது.

அந்தப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்காவோடு ஐந்து வருஷத்தில் ஆயிரம் ஆட்டம் ஆடியிருப்பேன், ஒன்றில்கூடக் கறுப்பு ஆடியதில்லை. எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. சொந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாக நுழைந்தால் வீடு வேறு மாதிரி இருக்குமே, அப்படி. அக்காவும் வெள்ளைக் காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளுக்கும் அது புதுசுதான். ஆட்டக் கடிகாரத்தை அமுக்கினார்கள்.

காய்கள் பெரியவை, மரக்காய்கள். அடியில் ஈயம் வைத்து, கீழே பச்சைத் துணி ஒட்டியவை. கேஸ்லிங் செய்து, குதிரையை எஃப்6-இல் வைத்தபோது 'டொக்' என்று உட்கார்ந்தது. கழுத்தை வளைத்துக்கொண்டு, பிடரி மயிர் எல்லாம் செதுக்கி, கம்பீரமான குதிரை. அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஐந்து வருஷமாக அந்தக் கட்டத்தில் நான் பார்த்ததெல்லாம் ஒரு பட்டன். தொட்டால் விழும், குலுங்கினால் நழுவும், ஊதினால் போய்விடும். இது விழாது என்று என் களைத்த மூளை சொன்னது. பின்னால் பிஷப் ஒன்று காவல், பக்கத்தில் சிப்பாய் ஒன்று காவல். இதை யார் அசைக்க முடியும்?

அக்கா ஒரு பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுவந்து என் குதிரையைப் பார்த்தபடி நிறுத்தினாள். இன்னொன்றை சி2-க்கு இழுத்துக்கொண்டாள். பிறகு ராணியை மெதுவாக எடுத்து டி3-இல் வைத்தாள்.

அது என் இடம். தினமும் காலையில் ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவே நான் என் ராணியைக் கொண்டுபோய் வைக்கிற இடம். அதே ராணி, பின்னால் அதே பிஷப். அக்கா இந்த நேரத்தில் சிப்பாயை ஜி6-க்குத் தள்ளுவாள் என்பதும் எனக்குத் தெரியும். என் கை ஒரு கணம் அந்தச் சிப்பாய்க்கு மேலே போனது. போய்த் திரும்பி வந்தது. பயந்தாங்கொள்ளி ஆட்டம் என்று இத்தனை நாள் கேலி செய்தவள் நானே அதை ஆடுவதா? அதுவும் அவள் எதிரிலேயே? எச்7-ஐ எண்ணினேன். அடிக்க ராணி, பிஷப் இரண்டு பேர். காக்க ராஜா, குதிரை இரண்டு பேர். சரிக்குச் சரி என்று முடிவு செய்தேன். குதிரைதான் அசையாதே.

என் இன்னொரு குதிரை சி6-இல் இருந்தது. அதை எடுத்து ஏ5-க்கு, பலகையின் ஓரத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்து சி4-க்குப் போய் அவளைத் தொந்தரவு செய்யலாம் என்று எண்ணம். அது டி7-இல் இருந்திருந்தாலாவது பிழைத்திருப்பேன். தாக்கப்போகிறவள் எப்போதும் நான்தானே. காத்துக்கொள்ள எனக்கு எங்கே தெரியும்?

அக்கா நிறைய நேரம் யோசித்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு ஜி5 பிஷப்பை எடுத்து என் குதிரையை வெட்டி, அதன் இடத்தில் வைத்தாள். குதிரையைக் கையில் ஒரு நொடி வைத்திருந்துவிட்டு மேசையில் படுக்கவைத்தாள்.

அய்யோ என்று வாயைத் திறந்துகூடச் சொன்னேன் போலிருக்கிறது. பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். பிஷப்பால் திருப்பி வெட்டினால் ராணி எச்7-இல் வந்து மேட். சிப்பாயால் வெட்டினாலும் அதே மேட். இரண்டில் எதைச் செய்தாலும் ராஜாவுக்கு நகர இடம் இல்லை, பக்கத்தில் என் யானையே வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இப்போதுதான் ஜி6. சாத்த வேண்டிய கதவைத் திருடன் போன பிறகு சாத்தினேன். அவள் அதே பிஷப்பால் என் பிஷப்பையும் வெட்டினாள், நான் ராணியால் அதைத் திருப்பி வெட்டினேன். ஒரு குதிரை சும்மா போயிற்று.

அங்கேயே தோற்றேன் என்று எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. இன்னும் முப்பது நகர்த்தல் ஆடினேன். ஒவ்வொரு நகர்த்தலிலும் அக்கா ஒரு காயைக் கொடுத்து ஒரு காயை வாங்கிக்கொண்டே வந்தாள். காய்கள் குறையக் குறைய எனக்கில்லாத அந்த ஒன்று பெரிதாகிக்கொண்டே போயிற்று. "பட்டன் போச்சு" என்று அவள் ஒருமுறை சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. அப்படிச் சொன்னால் கோபப்படலாம், சிரிக்கலாம், ஏதாவது செய்யலாம். அவள் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில் கையை நீட்டினேன். அவள் கை ஜில்லென்று இருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். "செஸ்ஸுக்குப் போயா இப்பிடி அழுவுற?" என்றார் வீட்டுக்காரர். செஸ்ஸுக்கா அழுதேன்?

ஒரு மாதத்தில் அக்காவுக்கு ஆர்டர் வந்தது. அந்த ஒரு மாதமும் அதே பஸ்ஸில்தான் வந்தோம். நான் முன்னால் உட்கார்ந்தேன், அவள் பின்னால் உட்கார்ந்தாள். கடைசி நாள் சிதம்பரம் அலுவலகத்தில் அவளுக்கு டீயும் மிக்சரும் வைத்து விடைகொடுத்தார்கள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு போகவில்லை.

அப்புறம் எட்டு மாதம் அவளோடு பேச்சே இல்லாமல் தனியாகப் போய்வந்தேன். ஜன்னல் சீட் எனக்கே கிடைத்தது. சில காலைகளில் பெட்டியைத் திறந்து, கறுப்புப் பக்கத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தை அடுக்குவேன். ராணி டி3-க்கு வருகிற இடம்வரை வந்து நிறுத்திவிட்டு, ஜி6 சிப்பாயைத் தள்ளுவேன். ஒன்றுமே நடக்காது. ராணியும் பிஷப்பும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவ்வளவுதானா, ஒரே ஒரு கட்டம்தானா என்று பெட்டியை மூடிவிடுவேன்.

மழை பிடித்த ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மகளுக்கு மூச்சு இழுக்கிறது, உதடு நிறம் மாறுகிறது, பம்ப் பையில் இல்லை என்றார்கள். பம்பை நான்தான் காலை அவசரத்தில் வேறு பையில் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் ஷிஃப்டில். பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குக் குமராட்சி போயிருந்தார்கள். நான் பறந்து போனாலும் ஒன்றரை மணி நேரம். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எட்டு மாதமாகத் தொடாத நம்பர் விரலுக்குத் தானாக வந்தது.

"அக்கா..."

"சொல்லுடி."

சொன்னேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. "எந்த ஸ்கூலு? எந்தக் கிளாஸு? வை, போறேன்."

நான் கடலூர் வந்து கிளினிக்குக்குள் நுழைந்தபோது மகள் அக்காவின் மடியில் சாய்ந்து, மூக்கில் ஆவிக் குழாயோடு கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். உதடு சிவப்பாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் மடியை விட்டு இறங்கவில்லை. இன்னும் ஒரு பத்து நிமிஷம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை முடிக்கவில்லை. எனக்கு அக்காவின் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது, அவள் மடியிலிருந்து என் பிள்ளையைப் பிடுங்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"நீ அஞ்சு வருஷமா என்கிட்ட பண்ணதைத்தான்டி நான் பண்ணேன்" என்றாள் அக்கா, மகளின் முதுகைத் தடவிக்கொண்டே. "வேற ஆட்டம் எனக்குத் தெரியாது."

"அன்னிக்கு பட்டன் போச்சுன்னு ஏன்கா சொல்லல?"

"சொன்னா அங்கயே அழுதுடுவ. அதான்."

அன்றிலிருந்து பேச்சு வந்துவிட்டது. பழைய மாதிரி என்று சொல்ல முடியாது. செஸ் பெட்டியை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. அக்காவின் அலுவலகத்திலிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். பள்ளி டைரியில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்ற இடத்தில் அவள் நம்பரை என் கையாலேயே எழுதினேன், என் நம்பரை அடித்துவிட்டு. மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த நம்பருக்கு போன் போகும். அக்கா போவாள், பம்ப் கொடுப்பாள், தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ரசம் சாதம் ஊட்டுவாள், எல்லாம் முடிந்தபின் எனக்கு போன் செய்து, "சரியாயிடுச்சு, நீ வேலயப் பாரு" என்பாள். மகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். நன்றி என்பதும் பொறாமை என்பதும் ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடக்கும் என்று அந்த மூன்று வருஷத்தில்தான் தெரிந்துகொண்டேன். சிதம்பரத்தில் மேசையில் உட்கார்ந்தபடியே அந்த போனைக் கேட்டுவிட்டு, "சரிக்கா" என்று சொல்லி, கடலூருக்குக் கிளம்பாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

புயல் வந்து மரமெல்லாம் சாய்த்துவிட்டுப் போன அடுத்த வருஷம், 2012-இல், எனக்கும் ஆர்டர் வந்தது. விளையாட்டும் இல்லை, சிபாரிசும் இல்லை, வெறும் சீனியாரிட்டி. அந்தக் குமாஸ்தா போட்ட கணக்கு தப்பவில்லை. தலைமை அலுவலகத்தில் அக்காவின் மேசையிலிருந்து இரண்டு மேசை தள்ளி எனக்கு இடம். முதல் நாள் ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். அந்த நேரத்துக்கு வெயில் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

இரண்டாவது வாரம், மத்தியானம் சாப்பாடு முடிந்த நேரம், அக்காவின் செல்போன் அடித்தது. எடுத்து, "சொல்லு கண்ணு" என்றவள், என்னைப் பார்த்தாள். போனை என்னிடம் நீட்டினாள். "நீயே பேசுடி. நீயே போ."

காதில் வைத்தேன். மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. "பெரியம்மா, வரீங்களா?"

"அம்மாடா கண்ணு. அம்மா இங்கதான் பக்கத்துல இருக்கேன். இதோ, இப்பவே வரேன்."

அந்தப் பக்கம் இரண்டு மூச்சு இழுத்து விட்டாள். பிறகு, என்னைக் காயப்படுத்தக் கூடாது என்று எட்டு வயசுக் குழந்தை எப்படி யோசிக்குமோ அப்படி யோசித்து, மெதுவாகக் கேட்டாள். "நீயாம்மா? பெரியம்மா லீவா?"